‘ஹேண்டிகேப்’ பந்தயமும் ‘ஊனப் பந்தயம்’ என்ற பிழையும்

பிரிட்டன் குதிரைப் பந்தயம் ஒன்றைப் பற்றிய தமிழாக்கத்தில் ‘ஊனப் பந்தயம்’ என்ற தொடரை முதல்முறை பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிறகு ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசனத்தில் ‘குறைபாடுள்ள குதிரைகளுக்கான ஓட்டம்’ என்று காதில் விழுந்தது. சென்ற வாரம் மூன்றாவது முறையாக, தொடக்கநிலை வாசகர்களுக்கான விளக்கக் குறிப்பிலேயே ‘ஊனமுற்றோர் பந்தயம்’ என்று போட்டிருந்தார்கள். மூன்றும் ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லின், அதாவது திறமைக்கேற்பக் குதிரைமேல் எடை ஏற்றி ஓட்டும் பந்தயத்தின், தமிழாக்கங்கள். ஓடும் குதிரைகளின் விவரங்களை அச்சிட்ட பந்தய அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவரை இந்த ஒரு சொல் நேர் எதிர்த்திசையில் நடத்திச் சென்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஹேண்டிகேப் என்பது ‘தொப்பிக்குள் கை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 17ஆம் நூற்றாண்டில் இது ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர். இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். எந்தப் பொருள் மதிப்பில் குறைந்தது, அதன் உடைமையாளர் கூடுதலாக எவ்வளவு தரவேண்டும் என்பதை நடுவர் ஒருவர் சொல்வார். மூவரும் தொப்பியில் சிறிது பணம் போடுவார்கள். நடுவரின் மதிப்பீடு சம்மதமா இல்லையா என்பதை இருவரும் தொப்பிக்குள்ளிருந்து கையை எடுக்கும் விதத்தால் காட்டுவார்கள். லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1660ஆம் ஆண்டில் இந்த விளையாட்டை ஆடியதாகக் குறித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் இது குதிரைகளுக்கு வந்தது. இரண்டு குதிரைகளில் வலியது எது, அது எவ்வளவு கூடுதல் எடை சுமக்கவேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். உடற்குறை என்ற பொருள் ஆங்கிலத்தில் ஏறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். தொப்பியேந்திப் பிச்சை எடுத்தவர்களிடமிருந்து சொல் பிறந்தது என்ற கதை பரவலாக உலவுகிறது, அது உண்மையல்ல.

ஆக, சொல்லின் வேரில் இருப்பது நடுவரின் மதிப்பீடு. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியவர்கள், பின்னால் வந்து சேர்ந்த பொருளை மூலப்பொருளாக்கிவிட்டார்கள்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்காகப் பந்தய அட்டையையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் அட்டையில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு முன்னும் ஓர் எண் வரிசை இருக்கும். அது அந்தக் குதிரை முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்ற கணக்கு. வலக்கோடியில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். 1 முதல் 9 வரை அந்தந்த இடத்தைக் குறிக்கும்; 0 என்றால் பத்தாவது அல்லது அதற்கும் பின்னால். இடையில் வரும் சிறு கோடு ஓர் ஆண்டையோ பருவத்தையோ அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. பெயரை ஒட்டிச் சிறிதாக அச்சிட்டிருக்கும் எண், கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்பது. எடைக் கட்டத்தில் 9-7 என்றிருந்தால் 9 ஸ்டோன் 7 பவுண்டு. ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு என்பதால் அது 133 பவுண்டு, ஏறத்தாழ 60 கிலோ. ஜாக்கி, சேணம், குறைகிற அளவுக்குச் சேர்க்கும் ஈயத்தகடு எல்லாம் இதில் அடக்கம். பந்தயத்தின் தலைப்பில் தரம் 1 முதல் 7 வரை ஓர் எண்ணாக இருக்கும், 1 உயர்ந்தது. இதையும் சிலர் ‘வகுப்பு’ என்று எழுதுகிறார்கள். தரம் என்ற நல்ல சொல் கையருகே இருக்கும்போது குதிரையை ஏன் பள்ளிக்கு அனுப்பவேண்டும்?

இந்த எடைக் கட்டத்தை எப்படிப் படிப்பது என்பது தலைப்பில் ஹேண்டிகேப் என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அந்தச் சொல் இல்லாத பெரும்பாலான பந்தயங்களில் எடை, வயதையும் பாலினத்தையும் பார்த்து விதிப்படி அமைகிறது. திறமையுள்ள குதிரைக்கும் திறமையற்ற குதிரைக்கும் ஒரே எடை கிடைக்கலாம். ஹேண்டிகேப் பந்தயத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பீட்டாளர் இடும் அதிகாரபூர்வ மதிப்பெண் ஒன்று உண்டு. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பவுண்டு. மதிப்பெண் கூடக் கூடச் சுமையும் கூடும். அதாவது பட்டியலின் உச்சியில், மிகுந்த எடையோடு நிற்பதுதான் மதிப்பீட்டாளர் கண்ணில் மிகச் சிறந்த குதிரை. ‘ஊனப் பந்தயம்’ என்று படித்துவிட்டு வரும் புதியவர் அதையே மிகவும் குறைபாடுள்ள குதிரை என்று எடுத்துக்கொள்கிறார். அவர்மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நானே அமைக்கிறேன். ஐந்தாம் தரம், ஒரு மைல் தூரம், மதிப்பெண் 75 வரை உள்ள குதிரைகளுக்கான ஹேண்டிகேப். கருமுகில் என்ற குதிரைக்கு எதிரே 54-3421 என்று எண்கள், ஓடி 16 நாள், எடை 9-7, மதிப்பெண் 75. செம்பருந்துக்கு எதிரே 31-0896, ஓடி 21 நாள், எடை 8-9, மதிப்பெண் 63.

எண்களை மட்டும் பார்த்தால் கருமுகில் ஏறுமுகம், செம்பருந்து இறங்குமுகம். இந்த ஆண்டு கருமுகில் மூன்று, நான்கு, இரண்டு, ஒன்று என்று வந்திருக்கிறது. ஆனால் மதிப்பீட்டாளரும் இதே எண்களைப் பார்த்துவிட்டார். கருமுகில் கடைசியாக வென்றபோது மதிப்பெண் 69 என்றும், இரண்டு உடல்நீள இடைவெளியில் வென்றது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மைல் தூரத்தில் ஓர் உடல்நீளம் ஏறத்தாழ இரண்டு பவுண்டுக்குச் சமம் என்பது நடைமுறைக் கணக்கு. வென்ற வித்தியாசம் நான்கு பவுண்டு, ஏற்றியிருப்பதோ ஆறு. எனவே நாம் கேட்கவேண்டியது ‘இது நல்ல குதிரையா’ என்பதல்ல; ‘அன்று வென்றதைவிட இன்று இரண்டு பவுண்டாவது முன்னேறியிருக்கிறதா’ என்பது.

செம்பருந்து சென்ற ஆண்டின் கடைசி ஓட்டத்தில் வென்றபோது மதிப்பெண் 68. அந்த வெற்றியால் அது 72க்கு ஏறியது. இந்த ஆண்டு முதல் இரண்டு ஓட்டங்களும் நான்காம் தரத்தில். 0, 8 என்ற எண்கள் அங்கே வாங்கியவை. பிறகு ஐந்தாம் தரத்துக்கு இறங்கி ஒன்பதாவதாகவும் ஆறாவதாகவும் வந்திருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் ஓரிரண்டு பவுண்டோ அதற்கு மேலோ குறைந்து, இன்று 63இல் நிற்கிறது. வென்றபோது இருந்ததைவிட ஐந்து பவுண்டு குறைவு. கருமுகிலைவிடப் பன்னிரண்டு பவுண்டு குறைவு. உடல்நிலை சென்ற ஆண்டுபோல இருந்தால் இது மிக எளிய சுமை. வயதாகித் தளர்ந்துவிட்டதென்றால் 63கூட அதற்கு அதிகம். எது உண்மை என்பதை அட்டை சொல்லாது. 9இலிருந்து 6க்கு வந்தது ஒரு சிறு அறிகுறி, அவ்வளவுதான்.

நாள் கணக்கும் இங்கேதான் பொருள் பெறுகிறது. 16க்குப் பதிலாக 200 என்று இருந்தால் குதிரை நீண்ட ஓய்விலிருந்து வருகிறது. ஆனால் ஓய்வை வைத்து மதிப்பெண் இறங்கிவிடாது, ஏனென்றால் ஓடிய ஓட்டங்கள்தான் மதிப்பிடப்படுகின்றன. மறுபுறம், நாள் 4 என்றும் கடைசி எண் 1 என்றும் இருந்தால் புதிய மதிப்பெண் பெரும்பாலும் இன்னும் வந்திருக்காது. பிரிட்டனில் மதிப்பெண்கள் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. இடைப்பட்ட நாளில் ஓடும் வெற்றிக் குதிரைக்குத் தண்டமாகச் சில பவுண்டு சேர்ப்பார்கள். தடை தாண்டுதல் இல்லாத ஓட்டங்களில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. வரப்போகும் மதிப்பெண் உயர்வு அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று தெரிந்தால் அந்தக் குதிரைக்கு அன்று ஆதாயம்.

இனி மாற்றுச்சொல். ‘ஊனப் பந்தயம்’ வேண்டாம் என்பவர்கள் சிலர் ‘சமவாய்ப்புப் பந்தயம்’ என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு ஆக்கிய சொல்தான். ஆனால் ஏற்க முடியவில்லை. நோக்கத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. எடை என்ற எண்ணமே அதில் இல்லை. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து சேரவேண்டும் என்பது மதிப்பீட்டாளரின் விருப்பம். அது நடந்தேவிட்டது என்று இந்தச் சொல் அறிவித்துவிடுகிறது. மதிப்பீடு தவறக்கூடும் என்பதால்தான் அட்டையை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். கருமுகிலுக்கும் செம்பருந்துக்கும் உண்மையிலேயே சமவாய்ப்பு என்றால் மேலே எழுதிய இரண்டு பத்திகளும் வீண். ‘பாதக எடை’ என்றும் ஒரு சொல் உலவுகிறது. அதில் எடை இருக்கிறது. ஆனால் 8-9 பெற்ற செம்பருந்துக்கு என்ன பாதகம்?

என் பரிந்துரை ‘சீர்தூக்கு’. தூக்குதல் என்றால் தமிழில் எடைபோடுதல் என்றும் பொருள். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று துலாக்கோலைக் குறள் சொல்கிறது. ஒரு பக்கம் கோடாமையைப் பேசும் இடம் அது. இன்றும் ‘சீர்தூக்கிப் பார்த்தான்’ என்று எழுதுகிறோம். அங்கே அது ஆராய்ந்து மதிப்பிடுவது. எடை, நடுநிலை, மதிப்பீடு மூன்றும் ஒரு சொல்லில் இருக்கின்றன. சீர்தூக்குப் பந்தயம், சீர்தூக்கு எடை, சீர்தூக்குநர் என்று கிளைக்கவும் செய்கிறது. பளுதூக்குதலோடு குழம்பும் என்று ஒரு நண்பர் மறுத்தார். பந்தய அட்டையில் வரும்போது குழம்ப வழியில்லை என்றே நினைக்கிறேன். பிடிக்காதவர்கள் ‘ஹேண்டிகேப்’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே எழுதட்டும். பொய்யான தமிழைவிட நேர்மையான கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் மனத்தாங்கல் இதுதான்: ஒரு சொல்லைத் தமிழாக்கியபின் அந்தத் துறையின் மற்ற தொடர்களில் அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை. செம்பருந்து போன்ற குதிரையை ‘நன்றாக ஹேண்டிகேப் ஆகியிருக்கிறது’ என்று பந்தயக்காரர்கள் ஆங்கிலத்தில் சொல்வார்கள். மதிப்பீட்டாளர் அதற்கு இளகிய எடை கொடுத்திருக்கிறார், வெல்ல வழி இருக்கிறது என்று பொருள். முன்னே சொன்ன விளக்கக் குறிப்பில் இந்தத் தொடர் ‘கடுமையாக ஊனமுற்ற குதிரை’ என்று வந்திருந்தது.