டிவி காட்டும் எட்டு எழுத்து சாவி அல்ல

"டிவியில் ஒரு குறியீடு வந்தது. அதைப் போனில் தட்டியதும் டிவி தானாக என் கணக்கில் நுழைந்துவிட்டது. போன் மொபைல் டேட்டாவில் இருந்தது, டிவி வைஃபையில் இருந்தது. இரண்டும் எப்படிப் பேசிக்கொண்டன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடவே, "இவ்வளவு சின்னக் குறியீட்டை யாராவது ஊகித்துவிட்டால்?" என்றும் ஒரு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டும் தனித்தனியாக ஒரே சர்வரிடம் பேசின, அவ்வளவுதான். இந்த முறை 2019-இல் RFC 8628 என்ற பெயரில் இணையத் தரநிலையாக வெளிவந்தது. எல்லாச் சேவைகளும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும் அடிப்படை இதுதான்.

'உள்நுழை' என்பதை அழுத்தியதும் டிவி சர்வரிடம் விண்ணப்பிக்கிறது. பதிலில் இரண்டு குறியீடுகள் வருகின்றன:

```
"device_code": "GmRhmhcxhwAzkoEq...",
"user_code": "WDJB-MJHT",
"expires_in": 1800,
"interval": 5
```

இரண்டாவதை மட்டும்தான் நாம் திரையில் பார்க்கிறோம். முதலாவது நீளமானது, டிவி அதை யாருக்கும் காட்டாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. இந்த இரட்டைக் குறியீடுதான் முழு ஏற்பாட்டின் அழகு.

நாம் போனை எடுத்துத் தட்டச்சு செய்யும் நேரத்தில் டிவி சும்மா இருப்பதில்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை தன் நீளக் குறியீட்டைச் சொல்லி, "அனுமதி வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. சர்வர் `authorization_pending` என்கிறது, அதாவது இன்னும் இல்லை. நாம் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் இருபத்துச் சொச்சம் தடவை இதே கேள்வி, இதே பதில். அவசரப்பட்டு அடிக்கடி கேட்டால் `slow_down` என்று வரும், டிவி இடைவெளியை இன்னும் ஐந்து விநாடி கூட்டிக்கொள்ள வேண்டும். சர்வரே டிவியைக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் டிவி வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் நேராக அதன் கதவைத் தட்ட முடியாது. அதனால் அதுதான் போய்ப் போய்க் கேட்க வேண்டும்.

நாம் போனில் நம் கணக்கில் நுழைந்து, WDJB-MJHT என்று தட்டி, சம்மதம் தருகிறோம். அடுத்த தடவை டிவி கேட்கும்போது அதன் கையில் ஒரு டோக்கன், அதாவது நம் கணக்கில் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு, கிடைக்கிறது. நம் கடவுச்சொல் டிவியைத் தொடவே இல்லை. ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திக் கடவுச்சொல்லை அடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த எட்டு எழுத்தையும் கவனியுங்கள். தரநிலை பரிந்துரைக்கும் இருபது ஆங்கில எழுத்துகளில் A, E, I, O, U கிடையாது, Y-யும் கிடையாது. உயிரெழுத்து இருந்தால் என்றாவது ஒருநாள் தற்செயலாக ஒரு கெட்ட வார்த்தை திரையில் வந்து நிற்குமே! இதை உட்கார்ந்து யோசித்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது.

சரி, ஊகிப்பதற்கு வருவோம். இருபது எழுத்தில் எட்டு இடம் என்றால் 2,560 கோடி சேர்க்கைகள். ஒரே நேரத்தில் 10,000 குறியீடுகள் புழக்கத்தில் இருந்தாலும், குத்துமதிப்பாக ஒன்றை அடித்துப் பலிக்கும் வாய்ப்பு 25.6 லட்சத்தில் ஒன்று. சில தவறுகளுக்குப் பிறகு சர்வர் தடுத்துவிடும், 1800 விநாடியில் குறியீடும் காலாவதியாகிவிடும்.

அதையும் மீறி ஒருவன் உங்கள் குறியீட்டைச் சரியாக ஊகித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? அவனுடைய கணக்கு உங்கள் டிவியில் திறக்கும்! உங்கள் கணக்கு அவனுக்குக் கிடைக்காது. டோக்கன் நீளக் குறியீடு வைத்திருக்கும் கருவிக்குத்தான் போகும், அது உங்கள் வீட்டில் இருக்கிறது. சின்னக் குறியீடு சாவி அல்ல, எந்தக் கருவி காத்திருக்கிறது என்று காட்டும் அடையாளம் மட்டுமே.

ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மோசடிக்காரன் தன் கணினியில் இதே விண்ணப்பத்தைத் தொடங்கி, வந்த குறியீட்டை "கூட்டத்தில் சேர இதைப் பதியுங்கள்" என்று உங்களுக்கு அனுப்புகிறான். நீளக் குறியீடு அவனிடம். நீங்கள் போகும் பக்கம் அசல் நிறுவனத்தின் பக்கமேதான். முகவரியை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை தெரியாது. நீங்கள் சம்மதித்த அடுத்த சில விநாடிகளில் டோக்கன் அவன் கைக்குப் போய்விடும். 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்ட ஒரு தாக்குதல் தொடரைப் பற்றி எச்சரித்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இந்தக் குறியீடு என் கண்முன் இருக்கும் திரையில் வந்ததா, இல்லை யாராவது அனுப்பியதா? அனுப்பியது என்றால் பதியவே கூடாது. ஏற்கெனவே பதிந்துவிட்டால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்த வேண்டாம். டோக்கன் அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கலாம். கணக்கின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயரை நீக்குங்கள்.