எடை குறைந்த பிறகு தொடங்கும் கணக்கு

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களில், வாழ்வில் முதன்முறையாக எடையைக் குறைக்க முயல்பவர்கள் சிலரே. ஒருமுறையோ இருமுறையோ கணிசமாகக் குறைத்து, ஓரிரு ஆண்டுகளில் அதை அப்படியே திரும்பப் பெற்றுவிட்டு வருபவர்களே மிகுதி. அவர்கள் அனைவரும் தங்கள் மன உறுதியின்மையையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தால், எடையைக் குறைத்த மாதங்களில் அவர்கள் காட்டிய உறுதி சாதாரணமானதாகத் தெரிவதில்லை. குறைந்த எடையில் நிற்கும் உடலின் தேவை என்ன, அந்த உடல் எவ்வளவு கேட்கும் என்ற இரண்டையும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பதே உண்மை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 44 வயதுடைய, 162 சென்டிமீட்டர் உயரமுள்ள, பெரும்பாலும் உட்கார்ந்தே பணிபுரியும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 92 கிலோவாக இருந்தபோது அவருடைய உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,250 கலோரி செலவிட்டது. நாளுக்கு 1,550 கலோரி என்ற அளவில் உண்டு, ஆறு மாதங்களில் 80 கிலோவுக்கு வந்தார். சிறிய உடலை இயக்குவதற்குக் குறைந்த ஆற்றலே போதும் என்பதால் மட்டுமே அவருடைய அன்றாடச் செலவு இருநூறு கலோரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். அதற்கு மேலும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அதே தொலைவை நடக்கத் தசைகள் முன்பைவிடச் சிக்கனமாக ஆற்றலைப் பயன்படுத்துகின்றன. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களிடம், உடலளவு மாறியதால் எதிர்பார்க்கத்தக்க குறைவையும் தாண்டி ஆற்றல் செலவு இறங்குவதை அமெரிக்க ஆய்வாளர்கள் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் 1995-இலேயே அளந்து காட்டினர். இரண்டையும் சேர்த்தால் இந்தப் பெண்மணியின் அன்றாடச் செலவு 1,950 கலோரியை ஒட்டி நிற்கும்.

ஆக, இலக்கை அடைந்த நாளில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 400 கலோரி. அவரோ கட்டுப்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பழைய 2,250-க்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மிகையாக எதையும் உண்ணவில்லை. முன்பு பல ஆண்டுகள் எடை கூடாமல் உண்ட அதே அளவைத்தான் உண்கிறார். ஆயினும் அது நாளுக்கு 300 கலோரி மிகுதியாகி, முதல் மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஏறுகிறது. பிறகு ஏற்றம் மெதுவாகி, இறுதியில் அந்த உணவு எந்த எடையைத் தாங்கக்கூடியதோ அந்த 92 கிலோவை நோக்கியே செல்கிறது.

செலவு குறைவது சிக்கலின் சிறிய பாதிதான். பசி கூடுவதே பெரிய பாதி. பலரும் 'எனக்கு வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டது' என்று சொல்வதைக் கேட்கிறேன். மந்தமாகியிருப்பது உண்மையே, ஆனால் பழியின் பெரும்பகுதி அதற்குரியதன்று. கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. பசியின் தூண்டுதலோ ஏறக்குறைய 100 கலோரி அளவுக்கு உயர்கிறது. சில கிலோ குறைந்தவர்களிடம் கணக்கிடப்பட்ட இந்த விகிதத்தை 12 கிலோவுக்கு அப்படியே பெருக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் இரண்டில் எது வலியது என்பதில் ஐயமில்லை. கொழுப்புத் திசு சுருங்கும்போது, போதுமான சேமிப்பு இருப்பதாக மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மிகக் குறைந்த கலோரி உணவைப் பத்து வாரம் உண்டவர்களைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஓராண்டு கழிந்த பின்னும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியை அடக்கும் செமாகுளுடைட் ஊசியை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதும் இதே காரணத்தால்தான். மருந்து செய்த வேலையை அது நின்றபின் எதுவும் செய்யவில்லை.

இதோடு, எடை குறையும் காலத்தில் இருந்த ஊக்கமும் மறைந்துவிடுகிறது. அப்போது வாரந்தோறும் எண் இறங்கியது, உடை தளர்ந்தது, பார்ப்பவர்கள் வியந்தார்கள். பராமரிப்பில் மிகச் சிறந்த வாரம் என்பது எதுவுமே மாறாத வாரம். அதை யாரும் பாராட்டுவதில்லை.

ஆகவே கூடும் எடையைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் ஏற்பாடு தேவைப்படுகிறது. நான் பரிந்துரைக்கும் முறை, ரீனா விங் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைத் தழுவியது. அதில் பங்கேற்றவர்கள் அன்றாடம் எடை பார்த்து, போக்குவரத்து விளக்கின் நிறங்களைப் போன்ற மூன்று மண்டலங்களில் தங்களை வைத்துக்கொள்ளப் பயிற்றுவிக்கப்பட்டனர். பதினெட்டு மாதங்களில், வெறும் மடல்கள் மட்டும் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ கூடினர்; நேரில் பயிற்சி பெற்ற குழுவில் அது 46 விழுக்காடு. பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அப்போதும் கூடினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நம் பெண்மணியிடம் இது இவ்வாறு நடந்தது. காலையில் கழிப்பறை சென்றுவந்த பின், எதையும் உண்ணும் முன், அதே வகை உடையில் எடை பார்த்து எழுதினார். உப்பு மிகுந்த ஓர் உணவோ மாதவிடாய் நாட்களோ உடலில் நீரைத் தேக்கி ஒரு கிலோவுக்கு மேலும் காட்டக்கூடும் என்பதால், தனி எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏழு நாள் சராசரியை மட்டும் பார்த்தார். சராசரி 81.5-ஐத் தொட்டால் மஞ்சள்: இரண்டு வாரம் உண்பது அனைத்தையும் அளந்து எழுத வேண்டும். 82.3-ஐத் தொட்டால் சிவப்பு: மீண்டும் 1,550 கலோரிக்குச் செல்ல வேண்டும். நான்காம் மாதத்தில் மஞ்சளுக்கு வந்தார். எழுதிப் பார்த்ததில் புதிய உணவு எதுவும் நுழைந்திருக்கவில்லை. கண்ணளவில் பரிமாறிய எண்ணெயும் கொட்டைப் பருப்புகளும் சிறிது சிறிதாகக் கூடியிருந்தன. மாலை நடை வாரத்தில் ஐந்து நாளிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது. ஒன்றரை கிலோவை இறக்க ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. அதே வேகத்தில் ஆறு கிலோவை இறக்க நான்கு மாதமாவது ஆகியிருக்கும். பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

உடற்பயிற்சியின் மதிப்பும் இந்தக் கட்டத்தில்தான் உயர்கிறது. எடையைக் குறைக்க அது தனித்து அதிகம் உதவுவதில்லை. குறைந்த எடையைக் காக்க வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் வரை தேவைப்படுகிறது. அவருக்கு நாள்தோறும் 45 நிமிட விரைவு நடை, இழந்த 300 கலோரியில் பாதியையாவது ஈடுசெய்து, தட்டில் சற்று இடம் கொடுத்தது. வாரம் இருமுறை தசைப் பயிற்சியும் சேர்த்தோம்.

உணவுச் சீர்குலைவு நோய் இருந்தவர்களுக்கும், எடை பார்க்கும் இயந்திரத்தைக் கண்டாலே பதற்றம் கொள்பவர்களுக்கும் அன்றாடம் எடை பார்க்கச் சொல்வதில்லை. இடுப்புச் சுற்றளவை வாரம் ஒருமுறை அளப்பது போதும். உணவுக் குறிப்பு மாறாமல் இருந்தும் சராசரி சில வாரங்கள் தொடர்ந்து ஏறினால், அல்லது கால் வீக்கமோ மிகுந்த சோர்வோ உடன் வந்தால், கலோரியை மேலும் வெட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும், ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை. அண்மையில் எந்த மருந்து தொடங்கப்பட்டது அல்லது எதன் அளவு மாற்றப்பட்டது என்பதை எழுதி எடுத்துச் சென்றால், மருத்துவர் காரணத்தை விரைவில் கண்டறிய இயலும்.