80 எச்.பி. போட்டும் தெரு ஏன் மூழ்கியது?

இந்த மழைக்காலத்தில் மட்டும் இது மூன்றாவது போன் அழைப்பு. "சார், பெரிய மோட்டாராப் பார்த்து 80 எச்.பி. போட்டோம், அதுவும் எரிஞ்சுபோச்சு." தென்சென்னையில் ஒரு தாழ்வான குடியிருப்பு. சங்கத்தின் செயலாளர் பாவம், ஊர்க்காரர்கள் வசூல் பண்ணிக் கொடுத்த பணம்.

போய்ப் பார்த்தேன். தெரு மழைநீர் வந்து சேரும் சம்ப், அதிலிருந்துதான் மோட்டார் இறைத்து வெளியேற்றும்: 4 மீட்டருக்கு 2.5 மீட்டர், நல்ல ஆழம். ஆனால் மோட்டாரை ஓட விடும் மட்டத்துக்கும் நிறுத்தும் மட்டத்துக்கும் இடையே 1.6 மீட்டர்தான். நமக்குக் கணக்கில் வருவது இந்த இடைவெளி மட்டுமே: 16 கன மீட்டர். "சம்ப் 40 கன மீட்டர் சார்" என்பார்கள். நிறுத்தும் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் பம்பை மூழ்கவைக்கத்தான். அதைக் கூட்டக்கூடாது.

வரத்து எவ்வளவு? அந்தப் பகுதி 6 ஹெக்டேர், ஏறக்குறைய 15 ஏக்கர். கான்கிரீட்டும் மொட்டைமாடியும் அதிகம் என்பதால் விழும் மழையில் 70 சதவீதம் ஓடிவரும் என்று வைத்தேன். மணிக்கு 60 மி.மீ. மழைக்கு நொடிக்கு 700 லிட்டர். மேலே தூக்க வேண்டிய உயரம் 6 மீட்டர். அதற்கு ஒரே பம்பாக 80 எச்.பி. வாங்கிவிட்டார்கள். பம்பின் கொள்ளளவு சரிதான், அதில் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில். கொட்டும் மழையில் பம்ப் விடாமல் ஓடும், அப்போது அதற்குக் கேடில்லை. மழை பாதியாகக் குறையும் போதுதான் ஆபத்து. வரத்து 350 லிட்டர் என்றால் சம்ப் நிரம்ப 46 நொடி. பம்ப் 700 இறைக்க, உள்ளே 350 வந்துகொண்டிருப்பதால் காலியாகவும் அதே 46 நொடி. மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட், மணிக்கு 39 தடவை. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூடு இறங்குவதற்குள் அடுத்த ஸ்டார்ட். இந்த அளவு மோட்டாருக்கு மணிக்கு 10 தடவைக்கு மேல் நான் வைப்பதில்லை. தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் முடிவு.

இதைச் சுருக்கினால்:

V = T × Q / 4

V ஓட விடும் மட்டத்துக்கும் நிறுத்தும் மட்டத்துக்கும் இடையே வேண்டிய கொள்ளளவு, Q பம்பின் இறைப்பு, T இரண்டு ஸ்டார்ட்டுக்கு இடைப்பட்ட நேரம். மணிக்கு 10 என்றால் T 360 நொடி. 700 லிட்டர் பம்புக்கு 63 கன மீட்டர் வேண்டும். இருப்பது 16.

ஆகவே, தயவுசெய்து, பம்பைப் பெரிதாக்கினால் சம்ப்பையும் பெரிதாக்கியாக வேண்டும். சம்ப்புக்கு இடமில்லையா, பம்பைப் பிரியுங்கள். 20 எச்.பி.யில் நான்கு, ஒவ்வொன்றும் 175 லிட்டர். ஒவ்வொன்றுக்கும் 10 கன மீட்டர் இடைவெளி, அடுத்த பம்ப் 2 கன மீட்டர் மேலே தொடங்கி 2 கன மீட்டர் மேலேயே நிற்கும். நான்கும் அதே 16-க்குள் அடங்கிவிடும். மோசமான நிலையிலும் மணிக்கு 16 ஸ்டார்ட்டுக்குள்தான். முறைமாற்றி ஓடவிட்டால் ஒரு பம்புக்கு நாலு. ஐந்தாவதாக ஒன்று மாற்றுக்கு வையுங்கள். (இத்தனைக்கும் முன்பு அங்கே இருந்தவை 20 எச்.பி.தான். இரண்டு போதவில்லை என்று கழற்றிப் போட்டார்கள். கழற்றாமல் இன்னும் இரண்டு சேர்த்திருக்கலாம்!)

இன்னொரு பிடிவாதம்: "சம்ப்பைப் பெரிசாக் கட்டி மழையைத் தேக்கிக்கலாமே?" 16 கன மீட்டர், 700 லிட்டர் வரத்தில் 23 நொடியில் நிரம்பிவிடும். சம்ப்பின் இடம் மோட்டார் மூச்சுவிடத்தான். மழையைத் தேக்குவது வேறு கணக்கு. பம்பை 350 லிட்டரோடு நிறுத்தி, ஒரு மணி நேர மழையின் மிச்சத்தைத் தேக்க 1260 கன மீட்டர் வேண்டும். ஒரு ஏக்கர் விளையாட்டுத் திடலில் முழங்காலுக்குக் கீழே, 30 செ.மீ. தண்ணீர் நிற்கிற அளவு அது. திடல் இருந்தால் அருமையான யோசனை. அரை மணி நேரப் பெருமழைக்கும் இரண்டு மணி நேர மழைக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, பெரியதை எடுக்க வேண்டும்.

உங்கள் பம்ப் நிலையத்தில் நோய் இருக்கிறதா என்று அறிய என்னைக் கூப்பிட வேண்டாம். மழை பெய்து ஓயும் நேரத்தில் கடிகாரத்தோடு நின்று, பத்து நிமிடத்தில் எத்தனை ஸ்டார்ட் என்று எண்ணுங்கள். ஒரு மோட்டாருக்கு இரண்டுக்கு மேல் போனால் கவலைப்படுங்கள். நின்றதும் சம்ப் மட்டம் சட்டென ஏறினால் நான்-ரிட்டர்ன் வால்வு அடைக்கவில்லை, குழாயில் இருந்த தண்ணீரே திரும்பி வருகிறது. அதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் வாங்காதீர்கள். தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் ஃப்ளோட்டின் கயிறைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார்களா என்றும் எட்டிப் பாருங்கள். அங்கே ஆபரேட்டர் தம்பி, தெருவில் தண்ணீர் ஏறக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதையும் செய்திருந்தார். 1.6 மீட்டர் இடைவெளி, நான் போனபோது 60 செ.மீ. ஆகியிருந்தது.