போசாக்கு விபரப் படத்திலிருந்து அட்டவணைக்கு: எண்ணும் அலகும் தனித்தனி நிரல்களில்

ஹற்றன் பகுதித் தோட்டங்களில் நீரிழிவுக்கோ உயர் குருதியமுக்கத்துக்கோ சிகிச்சை பெறுவோர், தாம் அன்றாடம் உண்ணும் பிஸ்கட், பால்மா ஆகியவற்றின் பக்கெட்டுகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து எமக்கு அனுப்புவதுண்டு. அப்படத்திலுள்ள எழுத்துகளைச் செயலி மூலம் வாசித்தெடுத்து அட்டவணையில் இடும்போது "474 kcal" என்பதை ஒரே கட்டத்தில் விட்டுவிட்டால், கணினிக்கு அது எண்ணன்று, வெறும் எழுத்து. கூட்டல் சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காமலே கடந்துவிடும்.

அலகைத் தனி நிரலில் இடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மினுமினுக்கும் உறையில், அதுவும் லயத்து அறையின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில், g என்ற எழுத்தைச் செயலி 9 என்று வாசிப்பது வழமையான பிழை. 100 கிராம் பிஸ்கட்டுக்கான விபரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்:

| சத்து | அளவு | அலகு |
|---|---|---|
| சக்தி | 474 | kcal |
| புரதம் | 8.09 | |
| கொழுப்பு | 18.0 | g |
| காபோவைதரேற்று | 70.0 | g |
| சோடியம் | 520 | mg |

உறையில் இருந்தது "8.0g". அலகு நிரல் வெறுமையாக இருப்பதே இங்கு எமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அந்த வெற்றிடத்தில் "புரதம்தானே, கிராமாகத்தான் இருக்கும்" என்று g ஐ நிரப்பிவிட்டால் பிழை நிலைத்துவிடும். ஆகவே படத்தை மீண்டும் பார்த்த பின்னரே நிரப்ப வேண்டும்.

புரதமும் காபோவைதரேற்றும் கிராமுக்கு 4 கிலோகலோரியும் கொழுப்பு 9 கிலோகலோரியும் தருவதால், சக்தியைக் கணக்கிட்டும் சரிபார்க்கலாம்:

```
=8*4+18*9+70*4
```

விடை 474. உறையில் "8g" என்று இருந்து 89 என வாசிக்கப்பட்டிருந்தால் விடை 798 ஆகிப் பிழை உடனே தெரிந்திருக்கும். ஆனால் 8.09 இக்கணக்கை அரைக் கிலோகலோரி அளவுகூட மாற்றாது. அத்துடன், உறையிலுள்ள சக்தி முழு எண்ணாக மட்டந்தட்டப்பட்டிருப்பதாலும் நார்ச்சத்து வேறு விதமாகக் கணக்கிடப்படுவதாலும், சரியான அட்டவணையிலும் சிறு வேறுபாடு வருவது இயல்பே.

சோடியத்துக்கு இச்சோதனை உதவாது, ஏனெனில் அது சக்தி தருவதில்லை. குருதியமுக்கம் உள்ளவருக்கு முக்கியமான நிரையும் அதுவே என்பதால், 100 கிராமுக்கும் ஒரு பரிமாறலுக்கும் உரிய அளவுகள் இரண்டையும் உறையிலிருந்து எடுத்து, எதன் அடிப்படையிலானவை என்பதை நான்காவது நிரலில் குறித்து வைக்கிறோம். பரிமாறல் 25 கிராம் என்றால் சோடியம் 130 mg, அதாவது காற்பங்கு, ஆக இருக்க வேண்டும். சில உறைகளில் சோடியத்துக்குப் பதிலாக உப்பு 1.3 g என்று இருக்கும். அதை 2.5 ஆல் வகுத்தால் 0.52 g சோடியம், அதாவது அதே 520 mg, கிடைக்கும். எனினும் உறையில் உள்ளதை உள்ளபடியே ஒரு நிரையில் வைத்துவிட்டு, மாற்றிய அளவை வேறு நிரையில் எழுதுவதே நல்லது.