டெட்டரன்ஸ்: சைபர் வெளியில் அச்சத்தடை

‘டெட்டரன்ஸ்’ என்ற சொல்லுக்குள் அச்சம் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் ‘தெர்ரேரே’ என்றால் அச்சுறுத்து. அதன் முன் ஒட்டும் ‘தே’ விலகலைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் அச்சுறுத்தி விலகச் செய்வது என்று பொருள். ‘டெரர்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். பனிப்போர்க் காலத்தில் இச்சொல் அணு ஆயுதத்தோடு ஒட்டிக்கொண்டது. “நீ அடித்தால் திருப்பி அடிப்பேன், அதை உன்னால் தாங்க முடியாது” என்று எதிரியை நம்பவைத்து, அவன் கை ஓங்குமுன்பே நிறுத்திவிடுவதுதான் அதன் சாரம்.

‘சைபர்’ கதை வேறு. கணக்கில் பூஜ்யம் வாங்கியவனை ‘சைபர் மார்க்’ என்று நம் பெரியவர்கள் கேலி செய்வார்களே, அந்தச் சைபர் அரபியின் ‘சிஃப்ர்’ வழியாக வந்தது. இந்தச் சைபருக்கு அதனோடு உறவில்லை. கிரேக்கத்தில் ‘குபெர்னேட்டஸ்’ என்றால் சுக்கான் பிடிப்பவர், நம் மீகாமன். 1948-இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் அதிலிருந்து ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்ற துறைப்பெயரை அமைத்தார். அதன் தலையை மட்டும் வெட்டியெடுத்துக் கணினி தொடர்பான எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

இரண்டையும் சேர்த்துச் ‘சைபர் டெட்டரன்ஸ்’ என்று எழுதிவிடலாம். அது நடைமுறையில் எங்கே இடறுகிறது என்று பார்க்க, 2018 பிப்ரவரி 9 இரவுக்குப் போக வேண்டும். தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. விழா தொடங்கும் நேரத்தில் வைஃபை விழுந்தது. செய்தியாளர் மையத் தொலைக்காட்சிகள் அணைந்தன. இணையதளம் முடங்கியதால் பலரால் நுழைவுச்சீட்டை அச்சிட முடியவில்லை. ‘ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்’ என்று பின்னர் பெயரிடப்பட்ட நிரல், திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு கணினிக்குக் கணினி தாவி, காப்புப் பிரதிகளையும் பதிவேடுகளையும் அழித்து, கணினிகள் மறுபடி இயங்கவிடாமல் செய்தது.

யார் செய்தது? நிரலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விடைக்குப் பதில் மூன்று கிடைத்தன. கோப்புகளை அழிக்கும் பகுதி வடகொரியாவின் ‘லாசரஸ்’ என்ற சைபர் தாக்குதல் குழுவுடையதைப் போலிருந்தது. வேறு சில துணுக்குகள் சீனக் குழுக்களை நினைவூட்டின. கடவுச்சொல் திருடும் முறையோ ரஷ்யாவோடு தொடர்புபடுத்தப்பட்ட ‘நாட்பெட்யா’ என்ற அழிவு நிரலை ஒத்திருந்தது. வடகொரியாவைக் காட்டிய தடயம்தான் மிகத் தெளிவானது. மைக்ரோசாஃப்டின் கருவிகளால் ஒரு நிரலை உருவாக்கும்போது, எந்தப் பதிப்புக் கருவிகள் பயன்பட்டன என்ற குறிப்பு கோப்பின் தலைப்பகுதியில் பதிந்துவிடும். அதை ‘ரிச் ஹெடர்’ என்பார்கள். ஒலிம்பிக் டெஸ்ட்ராயரில் இருந்த குறிப்பு, லாசரஸின் பழைய நிரலில் இருந்ததோடு அப்படியே பொருந்தியது.

அந்தக் கச்சிதம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. குறிப்பின்படி நிரல் விஷுவல் சி++ 6 என்ற 1990-களின் கருவியால் செய்யப்பட்டது. ஆனால் உள்ளே `mscoree.dll` என்ற பெயர் இருந்தது. அந்தப் பழைய கருவி உருவாக்கும் நிரல்களில் அந்தப் பெயர் வராது. பிந்தைய பதிப்புகளில்தான் வரும். அப்படியானால் லாசரஸின் கைரேகையை யாரோ வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் இதை அடுத்த மாதமே வெளியிட்டார்கள். போலி என்று தெரிந்தது. போலி செய்தவர் யார் என்பது அதனால் மட்டும் தெரிந்துவிடாது. இன்னொரு நிறுவனத்தின் ஆய்வாளர் நிரலை விட்டுவிட்டு, ஊடுருவப் பயன்பட்ட பொய் மின்னஞ்சல் ஆவணங்களையும் அவை தொடர்புகொண்ட சேவையகங்களையும் பின்தொடர்ந்தார். அந்தச் சங்கிலி, 2016-இல் அமெரிக்கத் தேர்தல் அமைப்புகளைக் குறிவைத்தவர்கள் பயன்படுத்திய ஓர் இணைய முகவரியில் போய் முட்டியது. நிரலில் பொய் எழுதுவது எளிது. பல ஆண்டுகளாக வாடகைக்கு எடுத்துப் புழங்கிய சேவையகங்களின் வரலாற்றை அப்படி மாற்றி எழுத முடியாது.

இந்தத் துப்பறிதலுக்கு ஆங்கிலம் ‘அட்ரிபியூஷன்’ என்கிறது. ஒருவருக்கு உரியதாக ஒதுக்குதல் என்பது அதன் லத்தீன் மூலப்பொருள். உளவியல் நூல்களில் வரும் ‘காரணம் கற்பித்தல்’ இங்கே ஆபத்து, கற்பித்தல் என்றாலே கட்டுக்கதை வாடை அடிக்கும். நான் இதை இரண்டாகப் பிரிப்பேன். ஆய்வுக்கூடத்தில் நடப்பது ‘செய்தோரை அறிதல்’. அரசு மேடையேறிப் பெயர் சொல்வது ‘பொறுப்புச் சாட்டல்’. இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் ஓடலாம். ரஷ்ய ராணுவ உளவுத்துறைதான் செய்தது என்று அமெரிக்க உளவு அதிகாரிகள் கருதுவதாகத் தாக்குதல் நடந்த அதே பிப்ரவரியில் நாளிதழில் செய்தி வந்தது. அத்துறையின் 74455-ஆம் பிரிவைச் சேர்ந்த 6 அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றப்பத்திரிகை வெளியிட்டது 2020 அக்டோபர் 19-இல். அடிப்பேன் என்ற மிரட்டலுக்கு இரண்டரை ஆண்டு இடைவெளி விட்டால் அதில் என்ன அச்சம் மிஞ்சும்? அறிந்ததை உடனே சொல்லாததற்கும் காரணம் உண்டு. எப்படி அறிந்தோம் என்று காட்டினால், எதிரியின் வலையமைப்புக்குள் நாம் வைத்திருக்கும் கண் குருடாகிவிடும்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, திருப்பி அடிக்கலாம் என்றால் அடுத்த சொல் வந்து நிற்கிறது: ‘எஸ்கலேஷன்’. ‘எஸ்கலேட்டர்’ என்ற நகரும் படிக்கட்டின் பெயரிலிருந்து பின்னோக்கிப் பிறந்த சொல் இது. அடியில் இருப்பது ஏணியைக் குறிக்கும் லத்தீன் ‘ஸ்காலா’. நாளிதழ்களின் ‘பதற்றம் அதிகரிப்பு’ மனநிலையைத்தான் சொல்கிறது. மோதல் ஒவ்வொரு படியாக ஏறுவதைப் ‘படியேற்றம்’ சரியாகச் சொல்லும். அணு ஆயுத உத்தி வகுத்த ஹெர்மன் கான் 1965-இல் இந்த ஏணிக்கு 44 படிகள் எண்ணினார். சைபர் வெளியில் படிகளே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒலிம்பிக் தாக்குதலில் யாரும் சாகவில்லை. அதற்கு ஈடான பதிலடி எது? எதிரியின் மின்கட்டமைப்பைத் தொடலாமா? அப்படித் தொட வேண்டுமானால் முன்கூட்டியே உள்ளே நுழைந்து காத்திருக்க வேண்டும். அந்த ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் எதிரிக்கு, அது வெறும் உளவா, நாளைய தாக்குதலுக்கான ஒத்திகையா என்று பிரித்தறிய வழியில்லை. உளவுக்கும் அழிவுக்கும் நுழையும் வாசல் ஒன்றுதான்.

ஏவியதைக் கட்டுக்குள் வைப்பதும் நிச்சயமில்லை. 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாக இறங்கியது. குறி உக்ரைன்தான். ஆனால் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. ரஷ்யாவின் சொந்த எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் கூடத் தப்பவில்லை. அதற்கு ரஷ்ய ராணுவமே பொறுப்பு என்று வெள்ளை மாளிகை அறிவித்த நாள் 2018 பிப்ரவரி 15. பியோங்சாங்கில் அப்போது போட்டிகள் நடந்துகொண்டிருந்தன.

டெட்டரன்ஸுக்கு எது நல்ல தமிழ்? ‘தடுப்பு’ என்றால் வருமுன் காப்பதோடு கலந்துவிடும். ‘தடுப்பாற்றலை’ மருத்துவம் எடுத்துக்கொண்டது. ‘அச்சுறுத்தல்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. அச்சத்தால் நேரும் தடை என்பதால் ‘அச்சத்தடை’ என்பது என் தேர்வு. இது ஒறுத்தலை, அதாவது தண்டிப்பேன் என்று காட்டித் தடுப்பதைக் குறிக்கும். உத்தி நூல்கள் இன்னொரு வகையையும் சொல்கின்றன. அடித்தாலும் பலன் கிடைக்காது என்று உணர்த்துவது அது. அதில் அச்சமில்லை, அலுப்புதான். அதை ‘பயன்மறுப்பு’ என்று தனியாக எழுதலாம். பியோங்சாங் தொழில்நுட்பக் குழு இரவோடிரவாகக் கடவுச்சொற்களை மாற்றி, அழிந்ததை மீட்டு, மறுநாள் காலை 8 மணிவாக்கில் எல்லாவற்றையும் ஓடவைத்தது பயன்மறுப்பு. 6 பேர் மீதான குற்றப்பத்திரிகை அச்சத்தடைக்கான முயற்சி. அது வெளியான அதே நாளில் பிரிட்டன் இன்னொரு தகவலையும் வெளியிட்டது: அதே ராணுவ உளவுத்துறை, 2020 டோக்கியோ ஒலிம்பிக் தள்ளிவைக்கப்படுவதற்கு முன்பே அதன் அமைப்பாளர்களையும் வேவு பார்த்திருந்தது.