வேலை செய்யாத A, வேண்டாத வேலை செய்யும் A

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு அக்கா, காவடி விடுமுறைக்கு முந்தின வாரம் போன் செய்தார். "தம்பி, மெயிலை ஆர்க்கைவ் பண்ண A அழுத்துறேன், ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. கீபோர்டு போச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுவது போல, "இன்னொண்ணு, சில மெயில் தானாவே காணாமப் போகுது" என்றும் சொன்னார்.

அவர் இரண்டு குறைகளாகச் சொன்னார். போய்ப் பார்த்தபோது இரண்டுக்கும் காரணம் அதே A விசைதான் என்று தெரிந்தது. கணினி பழுது பார்க்கும் தொழிலில், மெயில் நிரலில் ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்று வருகிற அழைப்புகளில் நல்ல பங்கு இந்த வகைதான். விசைப்பலகையை மாற்றச் சொல்லி பணம் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அந்த அக்காவும் போர்ட் லூயியில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார், பாவம்.

அவர் கணினியில் இருந்தது விண்டோஸும் தண்டர்பேர்டும். தண்டர்பேர்டில் பல கட்டளைகளுக்கு Ctrl, Alt எதுவும் வேண்டாம், ஒற்றை எழுத்தே போதும். பட்டியலில் ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்து A அழுத்தினால் அது ஆர்க்கைவுக்குப் போகும். J அழுத்தினால் குப்பை மெயில் என்று குறிக்கப்படும். N அடுத்த படிக்காத மெயிலுக்குத் தாவும். வேகமாக வேலை பார்ப்பவர்களுக்கு இது வரம்தான். ஆனால் விசையிலிருந்து எந்த எழுத்து வருகிறது என்பதையும், அந்த நேரத்தில் திரையின் எந்தப் பகுதி விசையைக் கேட்கிறது என்பதையும் பொறுத்தே இது வேலை செய்யும்.

ஷார்ட்கட் அசையவில்லை என்றால் விசையை விட்டுவிட்டு முதலில் மெனுவைப் பாருங்கள். Alt அழுத்தினால் மேலே மெனு வரும். அதில் Message என்பதற்குள் Archive இருக்கும். அது மங்கலாக இருந்தால் கோளாறு விசையில் இல்லை, அந்தக் கட்டளையே அங்கே அனுமதிக்கப்படவில்லை. மெயில் ஏற்கெனவே ஆர்க்கைவ் அடைவில் இருக்கலாம். இல்லையென்றால் கணக்கு அமைப்பில் Copies & Folders பகுதியில் ஆர்க்கைவ் வைக்கும் குறியை யாரோ எடுத்துவிட்டிருக்கலாம். மெனுவில் சொடுக்கினால் வேலை நடந்து, விசை மட்டும் ஊமையாக இருந்தால்தான் அது விசைப் பிரச்சினை. மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் வலப்பக்கம் அதன் விசையும் எழுதியிருக்கும். நம் நினைவில் இருக்கும் விசையும் திரையில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு மெனு வேலை செய்தது. சரி, அப்புறம் Ctrl+N அழுத்தச் சொன்னேன். புது மெயில் சாளரம் உடனே திறந்தது. Ctrl சேர்ந்த விசைகள் நடக்கின்றன, ஒற்றை எழுத்துகள் மட்டும் நடக்கவில்லை என்றதுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நோட்பேடைத் திறந்து A என்று தட்டச் சொன்னேன். திரையில் "அ" வந்தது.

அவர் மெயிலுக்குத் தமிழ்99 பலகையில்தான் பதில் எழுதுவார். அனுப்பிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பும்போது பலகை தமிழிலேயே நின்றுவிடுகிறது. அந்த நிலையில் A விசை "அ"வையும் J விசை "ப"வையும் அனுப்பும். தண்டர்பேர்ட் எதிர்பார்ப்பது லத்தீன் எழுத்தை, ஆகவே பேசாமல் இருந்துவிடுகிறது. Ctrl சேர்த்து அழுத்தும்போது மட்டும் நிரல் லத்தீன் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும், அதனால் Ctrl விசைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் பிரெஞ்சு அசெர்ட்டி பலகையும் கிடைக்கும், ஆங்கில கியூவெர்ட்டி பலகையும் கிடைக்கும். அசெர்ட்டியில் A இருக்கும் இடம் கியூவெர்ட்டியின் Q. ஆனால் தமிழ்99 விசையின் மேல் அச்சடித்த எழுத்தைப் பார்ப்பதில்லை, விசை இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே அசெர்ட்டிப் பலகையில் "அ" வருவது Q என்று அச்சடித்த விசையில். வீட்டில் ஒரு பலகை, வகுப்பில் வேறு பலகை என்றால் விரல் குழம்பிவிடும்.

இப்போது காணாமல் போகும் மெயில்களுக்கு வருகிறேன். விண்டோஸில் உள்ளீட்டு மொழியை மாற்ற Windows விசையோடு இடைவெளி விசையை அழுத்துவோம். பல கணினிகளில் Alt+Shift-உம் அதே வேலையைச் செய்யும், அதைக் கை தெரியாமல் அழுத்திவிடும். அக்கா என் கண்முன்னேயே அப்படிச் செய்தார். பலகை ஆங்கிலத்துக்கு மாறியதை அவர் கவனிக்கவில்லை. தேடல் பெட்டியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மாணவியின் பெயரை "anjalai" என்று தட்டினார். உண்மையில் கணினியின் கவனம் மெயில் பட்டியலில் இருந்தது.

a தட்டியதும் தேர்ந்தெடுத்திருந்த மெயில் ஆர்க்கைவுக்குப் போனது. n அடுத்த படிக்காத மெயிலுக்குத் தாவியது. j அதைக் குப்பை என்று குறித்தது. அப்புறம் வந்த a-க்களும் கையில் கிடைத்ததை ஆர்க்கைவுக்குத் தள்ளின. ஒரு பெயரைத் தட்டி முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்தது, திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால் பதறாமல் உடனே Ctrl+Z அழுத்திப் பாருங்கள். நகர்த்தியது பெரும்பாலும் திரும்பி வரும். நாளாகிவிட்டால் Archives அடைவுக்குள் ஆண்டுவாரியாக இருக்கும் உள்ளடைவுகளில் தேடுங்கள். குப்பை அடைவையும் பாருங்கள். அங்கிருந்து மெயிலை இன்பாக்ஸுக்கு இழுத்துப் போட்டால் மட்டும் போதாது. J அழுத்தியபோது குப்பை வடிகட்டிக்கும் ஒரு பாடம் போயிருக்கும், அதனால் Shift+J அழுத்தி "இது குப்பையில்லை" என்று திருத்திச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பெற்றோர் அனுப்பிய சில மெயில்கள் அந்த அடைவில்தான் கிடந்தன.

இனி இப்படி நடக்காமல் இருக்க விசைகளை மாற்றி அமைக்க வேண்டும். Add-ons பக்கத்தின் பற்சக்கரத்துக்குள் Manage Extension Shortcuts என்று ஒன்று தெரியும். பலரும் அங்கேதான் போய் ஏமாறுகிறார்கள். அது நீட்சிகள் தாமே கொண்டுவரும் விசைகளை மாற்றும் இடம், தண்டர்பேர்டின் சொந்த A, J ஆகியவற்றை அது தொடாது. அவற்றை மாற்ற tbkeys-lite என்ற நீட்சியை நான் போடுகிறேன். அதன் அமைப்புப் பக்கத்தில் முதன்மைச் சாளரத்துக்கு ஒரு பெட்டியும், மெயில் எழுதும் சாளரத்துக்கு ஒரு பெட்டியும் உண்டு. முதல் பெட்டியில் அக்காவுக்கு இதை எழுதிக் கொடுத்தேன்:

```json
{
  "a": "unset",
  "j": "unset",
  "g x": "cmd:cmd_archive"
}
```

முதல் இரண்டு வரிகள் A, J இரண்டையும் செயலிழக்கச் செய்கின்றன. மூன்றாவது வரிப்படி, G அழுத்தி விட்டுவிட்டு X அழுத்தினால் ஆர்க்கைவ் ஆகும். இரண்டு விசையை அடுத்தடுத்து அழுத்த வேண்டியிருப்பதால் தவறிப்போய் நடப்பது அரிது. G, X இரண்டும் அசெர்ட்டியிலும் கியூவெர்ட்டியிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன, அதற்காகவே அவற்றைத் தேர்ந்தேன். எழுத்துப் பெட்டிக்குள் தட்டும்போது இந்த ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யாது, ஆகவே தேடும்போது கவலையில்லை.

முதலில் நான் Ctrl+Alt+E என்று வைக்க நினைத்தேன். அசெர்ட்டிப் பலகை உள்ளவர்கள் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸுக்கு Ctrl+Alt என்பதும் AltGr என்பதும் ஒன்றுதான், AltGr+E பிரெஞ்சுப் பலகையில் யூரோ குறி. ஆர்க்கைவ் கட்டளையைத் தேடிப் போனவர் மெயிலுக்குள் € எழுதிவிட்டு வருவார்.

அந்தப் பட்டியலில் ஒரு மேற்கோள்குறி பிசகினாலும் நீட்சியால் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ எழுதி ஒட்டினால் நேரான " குறி வளைந்த “ ” குறியாக மாறிவிடக்கூடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கடைசி வரிக்குப் பின் காற்புள்ளி இருந்தாலும் தவறு. நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த நீட்சியால் ஆகாத வேலையும் உண்டு. பலகை தமிழில் நின்றால் G X-உம் ஊமைதான். அதற்கு விண்டோஸ் பக்கம் இரண்டு காரியம் செய்தேன். Advanced keyboard settings-இல் உள்ளீட்டு மொழி விசைகளுக்குள் போய் Alt+Shift-ஐ Not Assigned என்று வைத்தேன். இனி அக்கா வேண்டுமென்று மாற்றினால்தான் மொழி மாறும். அதே பக்கத்தில், ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை என்ற குறியையும் இட்டேன். வேர்டில் தமிழில் தட்டிக்கொண்டிருந்தது மெயிலுக்குத் தொற்றாமல் இது காக்கும். ஒரே நிரலுக்குள் எழுதும் சாளரத்தையும் பட்டியலையும் இது பிரித்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள். மெயில் அனுப்பியதும் Windows விசையோடு இடைவெளியை ஒரு தட்டு தட்டும் பழக்கத்துக்கு ஈடு கிடையாது. தேடுவதற்கு முன் Ctrl+Shift+K அழுத்தினால் கவனம் வடிகட்டும் பெட்டிக்குப் போய்விடும், பட்டியலில் கை தட்டுப்படாது.

மொழியும் சரி, மெனுவும் சரி, ஆனாலும் ஒரு Ctrl விசை அசையவில்லை என்றால் வேறு நிரல் அதை முன்னாலேயே பிடுங்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். திரையைப் படம் பிடிக்கும் நிரல்களும் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர்களும் கணினி முழுவதற்கும் விசைகளைப் பதிந்து வைப்பதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாக மூடி அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நீட்சியின் மேல் சந்தேகம் என்றால் Help மெனுவில் Troubleshoot Mode-இல் திறந்து பாருங்கள். அங்கே நீட்சிகள் அணைந்திருக்கும்.

நாலைந்து மாதம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தார். "தம்பி, G X வேலை செய்யலை. மொழி இங்கிலீஷ்லதான் இருக்கு, பாத்துட்டேன்." தண்டர்பேர்ட் பெரிய பதிப்புக்கு மாறியிருந்தது. நிரலின் உட்பகுதிவரை கை வைக்கும் இவ்வகை நீட்சிகள், பதிப்பு பொருந்தவில்லை என்றால் அணைக்கப்பட்டுவிடும். Add-ons பக்கத்தைத் திறக்கச் சொன்னேன், tbkeys-lite அணைந்து கிடந்தது. A-யும் J-யும் பழையபடி உயிரோடு இருக்கும் என்பதால், நீட்சியின் புதுப் பதிப்பு வரும்வரை மவுஸால் மட்டும் ஆர்க்கைவ் செய்யச் சொன்னேன். பட்டியலை நோட்பேட் கோப்பாக டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். புதுப் பதிப்பு வந்ததும் அதை எடுத்து அவரே ஒட்டிக்கொண்டார்.