சிரிக்காமல் ஒருமுறை சொல்லுங்கள்

கோத்தகிரியில் என் அறைக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு கிடக்கிறது. மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று அந்தப் பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கதவைத் திறந்து பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், பக்கத்தில் இருந்த பாட்டியிடமும் அவர் மகளிடமும் பேசிக்கொண்டிருந்தார். "என் லாரியில் ஏறுகிறவர்கள் இன்ஷூரன்ஸ் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், பாட்டி." பாட்டிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பச்சைத் தேயிலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர் அவர். தோட்டங்களில் மூட்டைகளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை. வயிற்றெரிச்சலுக்குப் போன இடத்தில், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று சொல்லி, அங்கிருந்த மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். (அவருடைய சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

முதல் நாள் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் சிரித்தேன். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, ஈடுபாடு, சாக வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். மொத்தம் 27. பசியைப் பற்றிக் கேட்டபோது, "காசு செலவில்லாமல் உடம்பு இளைக்கிறது, மேடம். ஊரில் நாலு பேர் இதற்கு ஜிம்முக்குப் போகிறார்கள்" என்றார். தூக்கத்துக்கும் ஒரு பதில், சோர்வுக்கும் ஒரு பதில். நான் சிரித்துக்கொண்டே எண்களைக் குறித்தேன். மொத்தம் 4 வந்தது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை.

ஐந்தாவது வாரம் அவருடைய மனைவி வந்தார். "ஊரே இவர் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறது, மேடம். வீட்டில் வாயே திறப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்."

நகைச்சுவை மனத்தைக் காக்குமா என்று பொதுப்படையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பிறரோடு ஒட்டிக்கொள்ளச் சிரிப்பது ஒன்று. தனியாக இருக்கும்போதும் தன் கஷ்டத்தில் வேடிக்கையைக் கண்டு தேறிக்கொள்வது இன்னொன்று. பிறரைக் குத்திச் சிரிப்பது மூன்றாவது. தன்னையே தாழ்த்தி, தன்னைப் பலியாக்கிப் பிறரைச் சிரிக்க வைப்பது நான்காவது. இரண்டாவது வகை, மனநலம் நன்றாக இருப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நான்காவது, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே வருகிறது. அவர்களுடைய வினாப்பட்டியலில், தன் வருத்தத்தை நெருங்கிய நண்பர்களும் அறியாதபடி வேடிக்கைப் பேச்சால் மூடுவதைப் பற்றிய ஒரு வாக்கியமும் உண்டு. அதுவும் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது. எது எதற்குக் காரணம் என்று இந்தத் தொடர்பை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவதும் நான்காவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஆள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பிரித்தறிய நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, சிரிப்பு அடங்கிய பிறகு பேச்சு எங்கே போகிறது என்பது. தேறிக்கொள்கிறவர் சிரித்துவிட்டு மறுபடியும் அதே விஷயத்துக்கு வருவார். மறைக்கிறவரிடம் சிரிப்போடு அந்த விஷயமும் முடிந்துவிடும். அடுத்த கேள்விக்கு அடுத்த வேடிக்கை தயாராக இருக்கும். இன்னொன்று, கேட்டுக்கொண்டால் அவரால் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கீழே வைக்க முடிகிறதா என்பது.

மனைவி எப்படியோ பேசி அவரை மறுபடியும் அழைத்து வந்தார். இந்த முறை நான் படிவத்தை எடுக்கவில்லை. "அன்று வெளியே பாட்டியிடம் இன்ஷூரன்ஸ் என்று ஏதோ சொன்னீர்களே, அதைச் சிரிக்காமல் ஒருமுறை சொல்லுங்கள்" என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு மடியில் இருந்த கம்பளித் தொப்பியின் நூலை விரலால் இழுக்க ஆரம்பித்தார். நூல் நீண்டுகொண்டே வந்தது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "என் வண்டியில் ஏறியவன் செத்துவிட்டான்."

அதற்கு முந்தைய வருடம், ஐப்பசி மழையில் ஒரு வளைவில் சாலையோர மண் சரிந்து, லோடோடு லாரி இடப்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் அங்கேயே இறந்துவிட்டான். அன்று அவனுக்கு விடுமுறை. ஆள் இல்லை என்று வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவந்தவர் இவர்.

அதன் பிறகு அவர் சொன்ன வேடிக்கைகள் எல்லாமே தன் வண்டியைப் பற்றியும் தன் சாவைப் பற்றியும்தான். "நான் போனால் மாலை எல்லாம் வேண்டாம், டயருக்கு வைத்த எலுமிச்சம்பழம் மிச்சம் இருக்கும்" என்று டீக்கடையில் சொல்வாராம். அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒரு வருடமாக ஊரறிய வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கலந்திருந்ததால் யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. படிவத்தை வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்த நானும் பதிவு செய்யவில்லை.

அன்று படிவத்தை மறுபடியும் நிரப்பினோம். 17. கடுமைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் நிலை அது. ஒன்பதாவது கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று குடும்பத்தார் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் கேட்கப்பட்டவர் மூச்சு விடுகிறார். அவர் யோசித்திருந்தார். கேரட் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக் கொட்டகையில் இருந்தது. அன்று மாலையே அது மைத்துனர் வீட்டுக்குப் போனது. மறுநாள் மனநல மருத்துவரைப் பார்த்தார். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், அதுவரை அவரை இரவில் தனியாக விட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்தோம். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அழைக்க, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்தார்கள்.

வேடிக்கையாகப் பேசாதே என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அது அவருடைய கைத்தடி, பிடுங்கினால் விழுந்துவிடுவார். ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முதலில் விஷயத்தை நேராகச் சொல்வது, வேடிக்கை வேண்டுமானால் அதற்குப் பிறகு. ஆரம்பத்தில் அவருக்கு இது எரிச்சலாக இருந்தது. "சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையைப் பின்னால் போடச் சொல்கிறீர்கள்" என்றார். நன்றாகவே இருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டேன்.

துக்கத்தில் வரும் எல்லாச் சிரிப்பும் மூடி அல்ல. கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களைப் பேச வைத்து, அவர்கள் முகத்தை அமெரிக்க உளவியலாளர்கள் கெல்ட்னரும் பொனான்னோவும் கூர்ந்து கவனித்தார்கள். 1997இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே கண்ணோரம் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் மன வேதனை குறைவாக இருந்தது. வாயால் மட்டும் சிரிப்பதைக் கண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றாலும், தேர்ந்த கதைசொல்லியிடம் அது எனக்குப் பலமுறை பொய்த்திருக்கிறது. கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐந்தாவது மாதம், மாசிப் பனியில் ஒரு நாள், அவர் அந்தப் பையனைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். அதுவரை அவன் இறந்த கதைதான் வந்திருந்தது. வாழ்ந்த கதை வந்ததில்லை. முதல் வளைவு வருவதற்குள் பையன் தூங்கிவிடுவானாம். ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். ஆனால் டீக்கடைக்கு நூறு அடி இருக்கும்போது கண்ணைத் திறக்காமலேயே, "அண்ணா, எனக்கு இரண்டு போண்டா" என்பானாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். பிறகு பேச்சை மாற்றவில்லை. "சட்னியும் கூடுதலாகக் கேட்பான், மேடம்" என்று தொடர்ந்தார்.